எனக்குப் பின் எதை அழிப்பது?

கொட்டாஞ்சேனையில் மாதத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை பின்னேரம் நாங்கள் கூடுவோம். பதினைந்து, இருபது பெண்கள் வருவார்கள். அவர்களிற் பலர் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் யுத்தகாலத்தில் கொழும்புக்கு வந்து, திரும்பிப் போக வீடோ ஆளோ இல்லாமல் இங்கேயே தங்கிவிட்டவர்கள். நான் வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியால் பஸ் எடுத்து, கோட்டையில் இறங்கி, இன்னொரு பஸ் மாறிப் போவேன். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது குடும்பம், உறவுமுறை, சடங்கு என்று பல பாடங்கள் கேட்டிருக்கிறேன். ஆனால் ஒருவர் இறந்தபின் அவருடைய மின்னஞ்சலுக்கும் முகநூலுக்கும் என்ன நடக்கும் என்ற பாடத்தை எனக்குச் சொல்லித் தந்தவர் அந்தக் கூட்டத்துக்கு வரும் ஓர் அக்காதான். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவருக்கும் அதுதான் விருப்பம்.

அக்காவின் மூத்த மகன் 2007இல் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்து வெளிநாடு போக அலுவல் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வருடம் யூன் 7ஆம் திகதி விடியற்புறம் கொழும்பு லொட்ஜ்களில் இருந்த தமிழர்களைப் பொலிஸார் எழுப்பி, பஸ்களில் ஏற்றி, நகரத்தை விட்டு அனுப்பியது பலருக்கு ஞாபகம் இருக்கும். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அன்றைக்குப் பிறகு மகன் ஒரு வேலை செய்தான். காலி வீதியில் இருந்த ஓர் இணையக் கடையில் தனக்கென ஒரு மின்னஞ்சல் கணக்குத் திறந்து, தன் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பாடசாலைச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஸ்கான் பண்ணி, தனக்குத் தானே அனுப்பி வைத்துக்கொண்டான். கையில் இருக்கிற கடதாசி ஓர் இரவில் போய்விடும், இது போகாது என்று தாயிடம் சொன்னானாம். கடவுச்சொல்லை ஒரு அப்பியாசக் கொப்பியின் கடைசி ஒற்றையில் எழுதி அக்காவிடம் கொடுத்தான்.

2008இன் கடைசியில் அவன் காணாமற்போனான்.

அந்தக் கொப்பி இன்றும் அக்காவிடம் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை, மகனுடைய பிறந்தநாளன்று, தெரிந்த பிள்ளை யாரையாவது பிடித்து அந்தக் கணக்கைத் திறந்து பார்ப்பார். அவன் தங்கைக்கு எழுதிய கடிதங்களை வாசிப்பிப்பார். பிறகு மூடிவிடுவார். 2020இல் கொரோனா வந்தது. 2022இல் பெற்றோலும் இல்லை, மின்சாரமும் இல்லை, உதவி செய்த பிள்ளையும் வெளிநாடு போய்விட்டாள். 2024இல் என்னிடம் கொப்பியைக் கொண்டுவந்தார். நான் போனில் போட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு கணக்கே இல்லை என்று வந்தது. எழுத்துப் பிழையோ என்று நான்கு தரம் போட்டுப் பார்த்தேன். இல்லைத்தான்.

"பிள்ளை, ஆர் அதை அழிச்சது?" என்று கேட்டார். ஒருவரும் அழிக்கவில்லை அக்கா, ஒருவரும் திறக்காததால்தான் அழிந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அது எந்த நிறுவனத்தின் கணக்கு என்பது இங்கே முக்கியமில்லை. பாவிக்காத கணக்கை மூடும் விதி பல நிறுவனங்களிடம் உண்டு. எங்களில் அநேகமானோரிடம் இருப்பது கூகுள் கணக்கு என்பதால் அதன் விதியைச் சொல்கிறேன். இரண்டு வருடமாக ஒருவரும் உள்ளே போகாத தனிப்பட்ட கணக்கை, அதில் உள்ள கடிதம், புகைப்படம் எல்லாவற்றோடும் அழிக்கலாம் என்று கூகுள் 2023 மே மாதத்தில் அறிவித்தது. அந்த வருடம் டிசம்பரிலிருந்து அழிக்கவும் தொடங்கியது. அழிக்கமுன் அந்தக் கணக்குக்கும், அதோடு கொடுக்கப்பட்ட மாற்று மின்னஞ்சலுக்கும் அறிவித்தல் வரும். ஆனால் காணாமற்போனவரின் கணக்குக்கு வரும் அறிவித்தலை யார் வாசிப்பது?

ஆகவே காணாமற்போன பிள்ளையின் அல்லது கணவரின் கணக்கும் கடவுச்சொல்லும் உங்களில் யாரிடமாவது இருந்தால், வருடத்துக்கு ஒரு தடவையாவது உள்ளே போய் ஒரு கடிதத்தையாவது திறந்து பாருங்கள். இரண்டு வருடக் கணக்கு அப்போது மறுபடி முதலிலிருந்து தொடங்கும். புதிய போனில் திறக்கும்போது சிலவேளை, பழைய தொலைபேசி இலக்கத்துக்குக் குறியீடு அனுப்பியிருக்கிறோம் என்று கேட்கும். அந்த இலக்கம் இப்போது வேறொருவரிடம் இருக்கலாம். அப்படிக் கேட்டால் உள்ளே போக வழியில்லாமற் போகலாம். ஆகவே உள்ளே போக முடிகிற நாளிலேயே முக்கியமான கடிதங்களையும் படங்களையும் இறக்கி எடுத்து, ஒரு பென்டிரைவிலும் கடதாசியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவின் கதைக்குப் பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. காணாமற்போனவர்களின் கணக்கு ஒருபக்கம் இருக்கட்டும், என்னுடைய கணக்கு என்ன ஆகும்? பன்னிரண்டு வருடமாக நான் இந்த வேலை செய்கிறேன். பெண்கள் சொன்ன வாக்குமூலங்கள், அவர்கள் கொண்டுவந்த கடிதங்களின் படங்கள், மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் காணாமற்போனோர் பற்றிய அலுவலகத்துக்கும் எழுதிய விண்ணப்பங்களின் பிரதிகள் எல்லாம் என் கூகுள் கணக்கில்தான் கிடக்கின்றன. அவற்றோடு அம்மாவின் கடைசிக் காலப் படங்களும், நான் ஒருவருக்கும் காட்டாத சில கடிதங்களும் இருக்கின்றன. நாளைக்கு நான் காலி வீதியில் பஸ்ஸில் அடிபட்டுச் செத்தால் இவற்றில் எது யார் கையில் போக வேண்டும், எது ஒருவர் கையிலும் போகாமல் அழிய வேண்டும்?

இதை நாங்கள் உயிரோடு இருக்கும்போதே தீர்மானித்து வைக்கலாம். கூகுள் 2013ஆம் ஆண்டிலிருந்து அதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. அதன் பெயர் Inactive Account Manager. கணக்குத் திறந்திருக்கும் போனில் myaccount.google.com/inactive என்று அடித்தால் அந்தப் பக்கத்துக்குப் போகலாம். காசு தேவையில்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இருந்து செய்தேன். எனக்கு நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

முதலில் அது கேட்டது, எவ்வளவு காலம் நீ பேசாமல் இருந்தால் உன்னை இல்லாதவள் என்று எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான். அந்தச் சொற்களில் கேட்கவில்லை, ஆனால் கேள்வி அதுதான். 3 மாதம், 6 மாதம், 12 மாதம், 18 மாதம் என்று நான்கு தெரிவுகள் உண்டு. இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் கையை எடுத்துவிட்டேன். மூன்று மாதம் சத்தமில்லாமல் இருந்தவர் செத்துவிட்டார் என்று நினைக்கிற உலகம் எங்களுடையது அல்ல. எங்கள் ஆட்கள் தடுப்பில் இருந்திருக்கிறார்கள். எங்கள் பெண்கள் குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போய், எசமானி போனைப் பறித்து வைத்ததால் வருடக்கணக்கில் வீட்டோடு பேசாமல் இருந்திருக்கிறார்கள். அப்படி ஒரு பெண் 3 மாதம் என்று தெரிவு செய்திருந்தால், அவள் உயிரோடு இருக்கும்போதே அவளுடைய கடிதங்கள் இன்னொருவர் கைக்குப் போய்விடும். அதனால் நான் 18 மாதத்தைத் தெரிவு செய்தேன். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போக இருப்பவர்களுக்கும் அதையே சொல்வேன்.

காலம் முடிய ஒரு மாதத்துக்கு முன்னர் கூகுள் எங்களுக்குக் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் அனுப்பி எச்சரிக்கும். நாங்கள் உள்ளே போய்விட்டால் கடிகாரம் திரும்பவும் முதலிலிருந்து ஓடும். ஆனால் அந்தக் குறுஞ்செய்தி போவது நாங்கள் கொடுத்த தொலைபேசி இலக்கத்துக்கு. இலங்கைச் சிம்மை எழுதிவிட்டு மத்திய கிழக்குக்குப் போய், அங்கே புதுச் சிம் போட்டால் எச்சரிக்கை வந்து சேராது. இலக்கம் மாறும் ஒவ்வொரு முறையும் இங்கேயும் மாற்ற வேண்டும்.

இரண்டாவது கேள்வி, யாருக்கு அறிவிப்பது, யாருக்கு எதைக் கொடுப்பது என்பது. பத்துப் பேர் வரை எழுதலாம். எனக்குப் பிடித்தது என்னவென்றால், ஒவ்வொருவருக்கும் எதைக் கொடுப்பது என்று தனித்தனியாகக் குறிக்கலாம். புகைப்படம், மின்னஞ்சல், கோப்புகள், தொலைபேசி இலக்கங்கள் என்று ஒரு பட்டியல் வரும். கொடுக்க விரும்புவதற்கு மட்டும் அடையாளம் போட்டால் போதும். ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கச்சியின் பெயரைப் போட்டு, புகைப்படத்துக்கு மட்டும் அடையாளம் போட்டேன். அம்மாவின் படங்கள் அவளுக்கும் சேரவேண்டியவை. கடிதங்களுக்கு அடையாளம் போடவில்லை. தங்கச்சியில் நம்பிக்கையில்லை என்பதல்ல காரணம். அவை எனக்கு எழுதப்பட்டவை.

தங்கச்சியின் மின்னஞ்சலோடு அவளுடைய தொலைபேசி இலக்கத்தையும் கேட்டது. நாளைக்கு அவள் படங்களை இறக்கும்போது, அவள்தானா என்று உறுதிசெய்ய அந்த இலக்கத்துக்குக் குறியீடு போகும். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் சனம் இலக்கம் மாற்றுவது சாதாரணம். அதையும் வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, இந்த ஏற்பாட்டைச் செய்யும்போது கூகுள் அவளுக்கு ஒன்றும் சொல்லாது. காலம் முடிந்த பிறகுதான், நாங்கள் எழுதி வைத்த ஒரு சிறு கடிதத்தோடு அவளுக்கு அறிவித்தல் போகும். திடீரென்று செத்த அக்காவிடமிருந்து மின்னஞ்சல் வந்தால் அவள் பயப்படுவாள், அல்லது ஏமாற்று வேலை என்று நினைத்து அழித்துவிடுவாள். அதனால் அன்றிரவே அவளுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "என்னக்கா, உங்களுக்கு ஏதும் வருத்தமோ?" என்று அழுதுவிட்டாள். வருத்தம் ஒன்றும் இல்லை, சீட்டுக் கட்டுவது போல் இதுவும் ஒரு அலுவல் என்று சொல்லித்தான் சமாளித்தேன்.

அறிவித்தல் கிடைத்த நாளிலிருந்து அவளுக்கு மூன்று மாத அவகாசம் உண்டு. அதற்குள் படங்களை இறக்கி எடுக்க வேண்டும்.

மூன்றாவது கேள்விதான் கடைசி. இவையெல்லாம் முடிந்தபின் கணக்கையே அழித்துவிடட்டுமா? ஆம் என்று போட்டால் கடிதம், படம், கோப்பு, யூடியூப்பில் போட்ட காணொளி எல்லாமே போய்விடும். நான் ஆம் என்று போட்டேன். 18 மாதம் மௌனம், தங்கச்சிக்கு 3 மாதம், ஆக 21 மாதத்தில் எல்லாம் அழிந்துவிடும். ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தாலும் 24 மாதத்துக்குப் பிறகு கூகுள் அழிக்கக்கூடும். ஆனால் அப்படி அழிந்தால் தங்கச்சிக்கு அம்மாவின் படம் ஒன்றும் கிடைத்திராது. எது யாருக்குப் போக வேண்டும் என்பதை நான் தீர்மானித்ததா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

அடுத்த மாதக் கூட்டத்தில் இதைச் சொல்லிக் காட்டினேன். அங்கே இரண்டு நல்ல கேள்விகள் வந்தன.

ஒரு தங்கை கேட்டாள், "அக்கா, நான் செத்தாப் பிறகு என்ர போனை மகன்தானே பாவிப்பான். அப்ப கூகுளுக்கு எப்பிடித் தெரியும்?" சரியாகப் பிடித்துவிட்டாள். கூகுள் பார்ப்பது கணக்கில் அசைவு இருக்கிறதா என்பதைத்தான். தாயின் கணக்கு திறந்தபடியே இருக்கும் அன்ரொயிட் போனை மகன் பாவித்தால், போன் தானாகவே கூகுளோடு தொடர்புகொள்ளும். ஜிமெயிலும் திறக்கும். கூகுளுக்குத் தாய் உயிரோடுதான் இருப்பாள். கடிகாரம் ஓடவே மாட்டாது. தாய் அழியவேண்டும் என்று நினைத்த கடிதமும் மகனின் கையிலேயே இருக்கும். ஆகவே பிள்ளைக்குப் போகக்கூடிய போனில் ஒரு பூட்டு இருக்க வேண்டும். போனைக் கொடுக்கமுன் கணக்கை அதிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லியும் வைக்க வேண்டும்.

மற்றக் கேள்வி முகநூல் பற்றியது. முகநூலில் ஏற்பாடு வேறுமாதிரி. அங்கே உயிரோடு இருக்கும்போதே ஒருவரைப் பொறுப்பாக நியமிக்கலாம். அதை Legacy contact என்பார்கள். 2015இல் அமெரிக்காவில் தொடங்கிய வசதி இது. Settings உள்ளே Accounts Center, அதில் Personal details, அதில் Account ownership and control, அதில் Memorialization என்று போனால் வரும். பொறுப்பாளருக்கும் முகநூல் கணக்கு இருக்க வேண்டும், வயது 18க்கு மேல் இருக்க வேண்டும். அவர் எங்கள் பக்கத்தின் மேலே ஒரு செய்தி எழுதலாம், படத்தை மாற்றலாம், புதிய நட்பு அழைப்புகளுக்குப் பதில் சொல்லலாம், கணக்கை நீக்கும்படி கேட்கலாம். ஆனால் எங்கள் கணக்குக்குள் நுழைய முடியாது, நாங்கள் தனியாக அனுப்பிய செய்திகளை வாசிக்கவும் முடியாது. இதைச் சொன்னபோது பின்வரிசையில் இருந்த ஒருத்தி பெருமூச்சு விட்டதை நான் கவனித்தேன். ஏன் என்று கேட்கவில்லை. ஒருவரும் பொறுப்பாக வேண்டாம், இறந்தபின் எல்லாம் அழியட்டும் என்று விரும்பினால் அதற்கும் அதே இடத்தில் ஒரு தெரிவு உண்டு.

ஆனால் கூகுளுக்கும் முகநூலுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. கூகுள் மௌனத்தை எண்ணுகிறது, அதற்குக் கடதாசி வேண்டாம். முகநூலோ யாராவது வந்து, இவர் இறந்துவிட்டார் என்று அறிவித்து, மரணச் சான்றிதழோ மரண அறிவித்தலோ போன்ற ஓர் ஆதாரம் காட்டும்வரை காத்திருக்கும். வீட்டில் கட்டிலில் கிடந்து இறக்கிறவருக்கு இது பிரச்சினையில்லை. எங்களுக்குத்தான் பிரச்சினை.

கூட்டத்தில் இருந்த ஒருவரின் கணவர் முகநூலில் கணக்கு வைத்திருந்தார். அவரும் காணாமற்போனார். ஒவ்வொரு வருடமும் அவருடைய பிறந்தநாளன்று, வாழ்த்துச் சொல்லுங்கள் என்று முகநூல் மனைவிக்கு ஞாபகப்படுத்தும். கணக்கை நினைவுக் கணக்காக மாற்றினால் அந்த ஞாபகமூட்டல் நின்றுவிடும். ஆனால் மாற்ற அவர் இறந்துவிட்டார் என்று மனைவி சொல்ல வேண்டும். 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் காணாமற்போனமைக்கான சான்றிதழ் கொடுக்கிறார்கள். மரணச் சான்றிதழ் எடுக்க மனமில்லாத குடும்பங்களுக்காக வந்த கடதாசி அது. அந்த ஆள் இறந்துவிட்டார் என்று அது சொல்லாது. ஆளைக் காணவில்லை என்று மட்டும்தான் சொல்லும். அதை வைத்து இறப்பை எப்படி நிரூபிப்பது? 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் வீதியோரம் குந்தியது, எங்கள் பிள்ளைகள் எங்கே என்று கேட்கத்தான். மரணச் சான்றிதழ் கேட்டு அல்ல. அப்படிக் கேட்கும் ஒருத்தி, ஒரு ஞாபகமூட்டலை நிறுத்துவதற்காக முகநூலுக்கு மட்டும் அவர் செத்துவிட்டார் என்று எழுதுவாளா?

"அது வரட்டும் தங்கச்சி," என்றார் அந்தப் பெண். "வருசத்தில ஒருநாள் அவரை ஞாபகம் வைச்சிருக்கிற இன்னொரு ஆள் எண்டு நினைச்சுக்கொள்ளுறன்."

அவர் கணவர் அந்தப் பக்கத்தில் ஒருவரையும் பொறுப்பாகப் போட்டிருக்கவில்லை. அவர் காணாமற்போன காலத்தில் அந்த வசதியே இருக்கவில்லை.

ஏற்பாடு செய்து வைக்காவிட்டால் குடும்பம் படும் பாட்டுக்கு வெளிநாட்டில் அறியப்பட்ட ஒரு கதை உண்டு. 2004 நவம்பரில் ஈராக்கின் பலூஜாவில் ஜஸ்டின் எல்ஸ்வேத் என்ற அமெரிக்கச் சிப்பாய் கொல்லப்பட்டான். அவனுடைய யாஹூ மின்னஞ்சல்களைத் தகப்பன் கேட்டார். கணக்கு வைத்திருப்பவரின் அந்தரங்கத்தைக் காப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்று நிறுவனம் மறுத்தது. தகப்பன் மிச்சிகன் மாநிலத்தில் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 2005இல் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் கடிதங்கள் கைக்கு வந்தன. அவருக்கு மரணச் சான்றிதழ் இருந்தது, நீதிமன்றம் இருந்தது, பத்திரிகைகள் எழுதின. அப்படி இருந்தும் அவ்வளவு பாடு. அந்த மகனுடைய விருப்பம் என்னவாக இருந்தது என்பதை நீதிமன்றத்தாலும் கேட்க முடியவில்லை. அவன் எழுதி வைத்திருக்கவில்லை.

வட்ஸ்அப்பைப் பற்றியும் கேட்டார்கள். அதில் இப்படியான பொறுப்பாளர் ஏற்பாடு இல்லை. 120 நாட்கள் பாவிக்காவிட்டால் கணக்கு பொதுவாக அழிக்கப்படும். எங்கள் செய்திகளும் குரற்பதிவுகளும் போனில்தான் கிடக்கும். அம்மாவின் குரலை வைத்திருக்க விரும்பினால், போன் பழுதாகமுன் அந்தக் குரற்பதிவை வெளியே எடுத்து வைப்பது ஒன்றே வழி.

கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்பியபோது, மகனுடைய கணக்கை இழந்த அக்கா என்னிடம் வந்தார். நான் எல்லாவற்றையும் அழிக்கும்படி போட்டிருக்கிறேன் என்று சொன்னதை அவர் கேட்டிருந்தார்.

"பிள்ளை, நான் என்ர மகனைப் பற்றிச் சொன்னதெல்லாம் உங்கட கணக்கிலதானே கிடக்குது?"

"ஓம் அக்கா."

"அப்ப நீங்கள் செத்தா அதுவும் அழிஞ்சு போகுமோ?"

நான் பதில் சொல்லவில்லை. அந்த வாக்குமூலங்கள் தவறான ஒருவர் கையில் போகக்கூடாது என்று மட்டும்தான் நான் யோசித்திருந்தேன். அவற்றில் பெயர்கள் உண்டு, இடங்கள் உண்டு, சில பெண்கள் தங்கள் வீட்டாருக்கே சொல்லாத விடயங்கள் உண்டு. அழிப்பதுதான் பாதுகாப்பு என்று நினைத்தேன். ஆனால் என் கணக்கில் கிடந்தாலும் அவை என்னுடையவை அல்ல. எனக்குப் பின் எதை அழிப்பது என்று தீர்மானிக்கும் உரிமை எனக்கு இருக்கிறது என்றால், அது என்னுடைய கடிதங்களுக்கு மட்டுந்தான். இதை ஒரு கூகுள் பக்கம் என்னிடம் கேட்காது. அது கணக்கை மட்டும்தான் அறியும், அதற்குள் கிடக்கும் கதை யாருடையது என்று அறியாது.

அடுத்த இரண்டு மாதமும் அந்த வேலையைத்தான் செய்தேன். ஒவ்வொரு பெண்ணாகக் கேட்டேன். அச்சடித்துத் தரட்டுமா, பென்டிரைவில் தரட்டுமா, இப்போதே அழித்துவிடட்டுமா? இரண்டு பேர் இப்போதே அழிக்கச் சொன்னார்கள். அவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே அழித்தேன். குப்பைக் கூடைக்குள்ளும் இல்லை என்று காட்டினேன். ஒருவர், கனடாவில் இருக்கும் மகளுக்கு அனுப்பிவிடுங்கோ என்றார். மற்றவர்கள் கடதாசி கேட்டார்கள். சொல்லித் தந்த ஆளிடம் திருப்பிக் கொடுத்த பிறகு என் கணக்கில் உள்ள பிரதி அழிந்தாலும் பரவாயில்லை.

அக்காவுக்கு முப்பத்தொரு பக்கம் வந்தது. பொலித்தீன் உறையில் போட்டுக் கொடுத்தேன். அவருக்கு வாசிக்கத் தெரியும், ஆனால் கண் தெளிவில்லை. முதற் பக்கத்தில் மகனுடைய பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். விரலை வைத்துக் காட்டினேன்.

"இதை ஒருத்தரும் திறக்காட்டியும் இருக்கும்தானே?" என்றார்.

இருக்கும் அக்கா என்றேன். அந்த உறைக்குள் பழைய அப்பியாசக் கொப்பியையும் வைத்து மூடினார். கடவுச்சொல்லால் இனி ஒரு பிரயோசனமும் இல்லை என்று அவருக்குத் தெரியும். ஆனால் அது மகனுடைய கையெழுத்து.